திருப்பணி நிறைவு அறிக்கை: கோவில் கடை வளாகத்துக்குப் பெயர் அமைந்த விவரம்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பெங்களூர் அல்சூரில் நம் கோவிலின் தென்புற நிலத்தில் கட்டிய கடை வளாகத்தின் வேலை முழுவதும் முடிந்துவிட்டது. கட்டடச் செலவுக் கணக்கு தனித் தாளில் இணைத்திருக்கிறோம். இந்த அறிக்கை வளாகத்துக்குப் பெயர் வைத்ததைப் பற்றியது. இது சின்ன வேலை என்று நினைத்துக் கடைசிக்குத் தள்ளி வைத்தோம். அது குழுவின் தவறு.

அஸ்திவாரக் கல்லில் நாம் பொறித்த பெயர் உங்களுக்குத் தெரியும்: 'ஸ்ரீ வள்ளி தேவசேனா சமேத ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தான வாணிஜ்ய சங்கீர்ணம்'. சுவாமி பெயர் முழுசாக வரவேண்டும் என்ற பக்தியில் வைத்தது. ஆனால் கடைகள் திறந்த முதல் மாதமே ஆளுக்கொரு பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். ரசீதுப் புத்தகத்தில் பாத்திரக் கடைக்காரர் 'கோவில் காம்ப்ளெக்ஸ்' என்றும், மருந்துக் கடைக்காரர் 'டெம்பிள் பில்டிங்' என்றும் அச்சடித்தார்கள். மாடியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா கல்லில் இருந்ததைச் சுருக்கி 'எஸ்.வி.டி. காம்ப்ளெக்ஸ்' என்று போட்டார். ஒரு கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளை எடுத்துப்போக வந்த பையன் அந்த மூன்றெழுத்தைக் கேட்டுக் கேட்டு வேறு தெருவில் அலைந்தான். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த அம்மாவே ஆட்டோ பிடித்துத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் அவர் குழுவிடம் வந்து, "அண்ணா, கடைக்கு வாடகை கொடுக்கிறேன், கடை எங்க இருக்குன்னு சொல்ல ஒரு வார்த்தை கொடுங்க" என்று கேட்டதற்குப் பிறகுதான் பெயர் விஷயத்தைக் கையில் எடுத்தோம்.

இந்த ஊரில் பலகைப் பெயர் ஒன்றாகவும் வாய்ப் பெயர் இன்னொன்றாகவும் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பஸ் நிலையத்தின் பெயர் கெம்பேகௌடா. ஜனங்களுக்கு அது ஒரு பழைய தியேட்டரை வைத்து மெஜஸ்டிக். மெட்ரோக்காரர்களும் கடைசியில் இரண்டையும் சேர்த்துத்தான் நிலையத்துக்குப் பெயர் எழுதினார்கள். புலகேசி நகர் என்று மாற்றிய பிறகும் ஃப்ரேசர் டவுன் ஃப்ரேசர் டவுனாகவே இருக்கிறது. அதனால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு முன், இந்த இடத்தைச் சுற்றி இருப்பவர்கள் ஏற்கனவே என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம் என முடிவு செய்தோம். இதைச் சொன்னவர் நம் முன்னாள் பொருளாளர், அவருக்கு நன்றி.

உறுப்பினர்கள் அனுப்பிய பெயர்களில் நான்கு கடைசி வரை வந்தன. இளைஞர் அணி சொன்ன 'நிழல்' கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் இன்றைய கன்னட எழுத்தில் ழ இல்லை. ள போட்டு எழுத வேண்டும். ஆங்கிலத்தில் Nizhal என்று எழுதிக் காட்டினால் வடநாட்டிலிருந்து வந்த டெலிவரிப் பையன்கள் 'நிஜல்' என்றுதான் படித்தார்கள். 'வேல் காம்ப்ளெக்ஸ்' எழுத்தில் சுலபம், போனில் சுலபமில்லை. கன்னடம் பேசுபவர் ஒருவர், இந்தி பேசுபவர் ஒருவர், உருது பேசுபவர் ஒருவர் என மூன்று பேருக்கு நெரிசலான தெருவிலிருந்து போன் செய்து, காதில் விழுந்ததை எழுதச் சொன்னோம். ஒருவர் Well என்றும் ஒருவர் Bell என்றும் எழுதினார்கள். 'முருகன் காம்ப்ளெக்ஸ்' எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் அந்தப் பெயரில் மேப்பில் தேடினால் ஒரே சமயத்தில் பல இடங்கள் வருகின்றன. பி.டி.ஏ. காம்ப்ளெக்ஸ் என்றால் இந்திரா நகரா கோரமங்களாவா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருப்பது போல் ஆகிவிடும்.

நான்காவது பெயரை யாரும் சூட்டவில்லை. தென்வாசலில் மேடை கட்டிய அரசமரம் இருக்கிறது அல்லவா? தமிழர்கள் அரசமரத்தடி என்பதை, கன்னடக்காரர்கள் 'அரளிக்கட்டே' என்கிறார்கள். கன்னடத்தில் அரளி என்றால் அரசமரம், கட்டே என்றால் மேடை. ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தபோது, உருது பேசும் டிரைவர்கள் உட்பட எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இங்கேதான் பெரிய தடை வந்தது. தமிழில் அரளி வேறு செடி. அரளி விதை என்றாலே நம் ஊர்ப் பக்கம் மனசு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோவில் கட்டடத்துக்கா இந்தப் பெயர் என்று பெரியவர்கள் இரண்டு பேர் கூட்டத்திலிருந்து எழுந்தே போய்விட்டார்கள். அவர்கள் மனவருத்தம் நியாயமானது என்றே குழு நினைத்தது. பெயரை விட்டுவிடவும் தயாராக இருந்தோம். மறுநாள் குருக்கள் அந்தப் பெரியவர்கள் இருவரையும் வரவழைத்து சந்நிதியில் நிறுத்தி, "செவ்வரளி மாலை இல்லாம நம்ம சுவாமிக்கு எந்தக் கிருத்திகை நடந்திருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கும் சுவாமி கழுத்தில் செவ்வரளி மாலைதான் இருந்தது. இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

பெருந்தொகை கொடுத்த அன்பர் ஒருவர் தம் தகப்பனார் பெயரை வைக்கக் கேட்டிருந்தார். பெயரை வைத்தாலும் ஜனங்கள் அரளிக்கட்டே என்றுதான் சொல்வார்கள், அவர் தகப்பனார் பெயர் பலகையில் மட்டும் நிற்கும் என்று எடுத்துச் சொன்னோம். மாடிப்படி முகப்பில் கருங்கல்லில் அந்தப் பெயரைப் பொறித்திருக்கிறோம். சுவாமியின் முழுப் பெயரும் அஸ்திவாரக் கல்லில் அப்படியே இருக்கிறது.

பலகை 12 அடி நீளம், 5 அடி உயரம். 2024-இல் திருத்திய கர்நாடகச் சட்டப்படி பலகையில் 60 சதவீதம் கன்னடமாக இருக்க வேண்டும், அது மேல்பக்கம் வரவேண்டும். எனவே மேல் 3 அடி கன்னடத்துக்கு. கீழே 2 அடியில் ஆங்கிலமும் தமிழும். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது பலகை எழுதுபவர்கள் சொல்லும் கணக்கு. எதிர்ப்புற பஸ் ஸ்டாப் சுமார் 80 அடியில் இருப்பதால் எந்த மொழியிலும் எழுத்து 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றோம். தமிழ் வரியில் முதலில் 'அரளிகட்டே' என்று க் இல்லாமல் எழுதிவிட்டார்கள். அப்படி இருந்தால் தமிழ் படிப்பவர் வாயில் 'அரளிgaட்டே' என்ற மெல்லோசைதான் வரும். அழித்து 'அரளிக்கட்டே' என்று திருத்தினோம். பெயரை எந்த மொழியில் எழுதினாலும் ஆட்டோக்காரர் காதில் ஒரே சத்தமாக விழ வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பிடிவாதம்.

கடை எண்களையும் மாற்றினோம். வாடகைக்கு எடுத்த வரிசையில் கொடுத்திருந்ததால் 3-க்குப் பக்கத்தில் 11 இருந்தது. இப்போது மரத்துப் பக்க வாசலில் தொடங்கி இடமிருந்து வலமாகக் கீழே 1 முதல் 12 வரை, மாடியில் 101 முதல் 110 வரை.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. பதிவில் வியாபார முகவரி மாறினால் 15 நாளுக்குள் REG-14 படிவத்தில் திருத்தம் கேட்க வேண்டும். கடை எண்ணும் வளாகப் பெயரும் முகவரியின் பகுதி என்பதால் எல்லோருக்கும் குழுவே கடிதம் கொடுத்திருக்கிறது. இருபத்திரண்டு பேரில் மூன்று பேர் இன்னும் திருத்தவில்லை. அவர்கள் அலுவலகத்துக்கு வந்தால் உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறோம். பழைய ரசீதுப் புத்தகங்களை வீணாக்க வேண்டாம், புதுப் பெயருக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறோம்.

அரளிக்கட்டே என்ற பெயரில் கர்நாடகம் முழுக்க மேடைகள் உண்டு. அதனால் வெளியூர்க்காரர்களுக்கு முகவரி கொடுக்கும்போது 'அரளிக்கட்டே காம்ப்ளெக்ஸ், அல்சூர்' என்று ஊரையும் சேர்த்தே சொல்லுங்கள். பின்வாசலில் வைக்க வேண்டிய சின்னப் பலகை மட்டும் பாக்கி. மரத்தின் கிளை ஒன்று அந்த இடத்தை மறைக்கிறது. கிளையை வெட்ட மனமில்லாமல், கம்பத்தை 4 அடி தள்ளி நடச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்