வங்கிக்குப் போன கடிதம்

கொழும்பு 06

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணில் வெட்டியபிறகும் இவ்வளவு பொடி எழுத்தில் எழுதுகிறாய் என்றால் ஒப்பரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. மருந்து விடும் நேரத்தைத் தவறவிடாதே. இங்கே பின்னேரமானால் மழை. காலி வீதி வழமைபோல நெரிசல், கடற்கரைப் பக்கம் மெரைன் டிரைவால் போகலாம் என்று பார்த்தால் அங்கேயும் அதே கதை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுதி உன்னையும் சலிக்க வைக்கவில்லை.

உனக்குப் பிடித்த விடயம் ஒன்று நடந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் பெடியன், கணக்கியல் படிக்கிறவன், போன கிழமை ஒரு தாளோடு வந்து நின்றான். அவனுடைய அம்மம்மாவின் சேமிப்புக் கணக்குப் புத்தகம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. வங்கியில், முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவாருங்கள் என்றிருக்கிறார்கள். இவன் எழுதிக் கொண்டுபோனான். அங்கிருந்த தமிழ் உத்தியோகத்தர் பிள்ளை வாசித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது யாருடைய கடிதம்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "ஒரு சொல்லில் பிழை பிடிக்கிறா அங்கிள்" என்று பெடியனுக்குக் கோபம். நான் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்று அவனுடைய தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

கடிதத்தை அப்படியே தருகிறேன், அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்:

"கனம் பொருந்திய வங்கி முகாமையாளர் அவர்களுக்கு,

தங்கள் நலமறிய ஆவலுடன் எழுதிக்கொள்வது யாதெனில், எனது அம்மம்மா உமது கிளையில் நீண்டகாலமாகச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். மேற்படி கணக்குப் புத்தகம் வீடு மாறும்போது என்னால் தொலைக்கப்பட்டுவிட்டோம் என்பதை இத்தால் அறியத்தருகிறேன். ஆகவே தாங்கள் புதிய புத்தகம் ஒன்றை வழங்கும்படி பணிவுடன் பணிக்கிறேன். முகவரியையும் மாற்றவும். இதற்கு உடனடியாக ஆவண செய்வீராக.

இப்படிக்கு,
என்றும் அன்புள்ள"

அதன் கீழே பெடியனின் கையெழுத்து.

நீ சிரிப்பாய் என்று தெரியும். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அந்த வங்கிப் பிள்ளை கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி, மச்சான். இரண்டாம் வாசிப்பில்தான் எனக்கும் அது விளங்கியது. முதல் வாக்கியத்தைப் பார். "எனது அம்மம்மா" என்று தொடங்கி "வைத்திருக்கிறேன்" என்று முடிகிறது. கணக்கு யாருடையது? பேரனுடையதா, அம்மம்மாவுடையதா? அடுத்த வாக்கியத்தில் புத்தகத்தைத் தொலைத்தது "என்னால்", ஆனால் முடிவில் "விட்டோம்". புத்தகம் தொலைந்ததா, குடும்பமே தொலைந்ததா என்று கேட்கலாம்போல இருக்கிறது. கையெழுத்தோ கணக்கில் பெயரே இல்லாத ஒருவனுடையது. வங்கியில் கணக்குக்காரர் தரும் கடிதம் வந்ததும், அதிலுள்ள கையொப்பத்தைக் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை எதை எதனோடு ஒப்பிடுவாள்? வேறொருவர் கேட்டு ஒரு கிழவியின் கணக்குக்குப் புதிய புத்தகம் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவளுடைய வேலைதான் போகும்.

பெடியனிடம் எப்படி எழுதினாய் என்று விசாரித்தேன். முதலில் தன் குரலில் தொடங்கியிருக்கிறான். பாதியில், கணக்கு அம்மம்மாவுடையது, அவர் சொல்வதுபோல எழுதினால்தானே சரி என்று யோசித்து அவருடைய வாய்க்குள் புகுந்திருக்கிறான். தொலைத்த இடம் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு என்ற நினைப்பில் "விட்டோம்" வந்துவிட்டது. ஒவ்வொரு முறை குரல் மாறியபோதும் வினைமுற்று காட்டிக்கொடுத்திருக்கிறது, எழுவாயைத்தான் திரும்பிப் பார்த்துத் திருத்தவில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்பதால், நீளமாக எழுதுகிறவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் யாரைப் பற்றித் தொடங்கினோம் என்பதை மறந்துவிடுகிறான். "தொலைக்கப்பட்டு" என்ற செயப்பாட்டுவினை இன்னும் மோசம். புத்தகம் தொலைந்துவிட்டது என்று யாரும் வாயால் சொல்வார்கள். கடிதம் என்றதும் "என்னால் தொலைக்கப்பட்டு" என்று ஏறிவிடுகிறார்கள், இறங்கத் தெரிவதில்லை.

மற்றப் பிழைகள் வேறு இடத்தில் இருந்து வந்தவை. "இத்தால் அறியத்தருகிறேன்", "பணிக்கிறேன்" எல்லாம் எங்கே பிடித்தாய் என்றால், வீட்டில் ஒரு திணைக்களத்தில் இருந்து தகப்பனுக்கு வந்த பழைய பதில் கடிதம் இருந்ததாம், அதைப் பார்த்து எழுதியிருக்கிறான். எங்கள் கந்தோர்க் கடிதங்களில் "தங்களுக்கு அறியத்தருமாறு பணிக்கப்பட்டுள்ளேன்" என்று வரும், உனக்கு ஞாபகம் இருக்கும். மேலதிகாரி பணித்தார், அதனால் லிகிதர் எழுதுகிறார், அவ்வளவுதான். இவன் அதைப் பணிவோடு தொடர்புள்ள ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்து "பணிவுடன் பணிக்கிறேன்" என்று எழுதிவிட்டான். தாழ்மையோடு முகாமையாளருக்குக் கட்டளை போட்டிருக்கிறான். அதிகாரம் உள்ள இடம் பொதுசனத்துக்கு எழுதும் கடிதத்தை, பொதுசனம் அதிகாரம் உள்ள இடத்துக்கு எழுதும்போது மாதிரியாக வைத்தால் இப்படித்தான் வரும். "மேற்படி" என்பதும் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பதில் கடிதத்தில் மேலே கோடிட்ட விடயத் தலைப்பு இருந்தது, அதனால் மேற்படி பொருந்தியது. இவனுடையதில் மேலே ஒன்றுமே இல்லை, கணக்கு இலக்கம்கூட இல்லை. "நலமறிய ஆவல்" பள்ளிக்கூடத்தில் மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் இருந்து வந்தது. ஆவன செய்வதை "ஆவண" ஆக்குவது இவன் ஒருவன் செய்யும் பிழையல்ல, அச்சடித்த அறிவித்தல்களிலேயே பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியவற்றைச் செய்யுங்கள் என்பது ஆவணம் தயாரிக்கும் வேலையாகிவிடுகிறது.

"உமது" பற்றி மட்டும் அவனோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. "நீர் என்றால் மரியாதைதானே அங்கிள், அப்பா தன் கூட்டாளிகளோடு அப்படித்தானே கதைக்கிறார்?" என்கிறான். அவனுடைய தகப்பன் யாழ்ப்பாணம். அங்கே சமவயதுக்காரரோடும் கொஞ்சம் இளையவரோடும் நீர், உமக்கு என்று கதைப்பது இயல்பு. தெரியாத முகாமையாளருக்கு எழுதினால் அவரை ஒரு படி இறக்கியதாகிவிடும். அதே கடிதத்தில் இரண்டு வரி தள்ளித் "தாங்கள்" என்று ஏற்றிவிட்டு, கடைசியில் "செய்வீராக" என்று திரும்பவும் இறக்கியிருக்கிறான். தாங்கள் என்று தொடங்கினால் கடைசிவரை தாங்கள்தான்.

கேட்பதையும் மூன்று விதமாக முடித்திருக்கிறான். "வழங்கும்படி" என்பது வேண்டுகோள். "மாற்றவும்" என்பது படிவத்தில் 'இங்கே கையொப்பமிடவும்' என்று போடுகிறார்களே, அந்த அறிவுறுத்தல் தொனி. "செய்வீராக" கேட்கும்போது கோயில் ஞாபகம் வருகிறது. வேண்டுகோள் எத்தனை இருந்தாலும் "வழங்குமாறும், மாற்றுமாறும்" என்று அடுக்கி ஒரே ஒரு "கேட்டுக்கொள்கிறேன்" மீது இறக்கினால் போதும், தொனி ஆடாது.

சரி, பிழை சொல்லி அனுப்பினால் காணாது என்று அவனையும் இருத்தி எழுதினோம். முதலில் தீர்மானித்தது, எழுதுவது அம்மம்மா, "நான்" என்றால் அவர் மட்டுமே. பேரன் கடிதத்தில் வரவே கூடாது. இடது பக்கம் முகாமையாளர், வங்கி, வெள்ளவத்தைக் கிளை, கொழும்பு 06, திகதி. பிறகு,

"ஐயா / அம்மணி,

சேமிப்புக் கணக்குப் புத்தகம் தொலைந்தமை
கணக்கு இலக்கம்: ......

மேற்படி கணக்கு எனது பெயரில் தங்கள் கிளையில் உள்ளது. அண்மையில் வீடு மாறியபோது அதன் புத்தகம் தொலைந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அதை நான் எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

எனவே புதிய கணக்குப் புத்தகம் ஒன்றை வழங்குமாறும், எனது முகவரியைக் கீழே உள்ள புதிய முகவரிக்கு மாற்றுமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனது தேசிய அடையாள அட்டையின் பிரதியையும் வதிவிடச் சான்றிதழையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,"

அதன் கீழே அம்மம்மாவின் கையொப்பம், பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம்.

"எவரிடமும் ஒப்படைக்கவில்லை" என்ற வரியைப் பெடியன் வெட்டப் பார்த்தான், மரியாதையாக இல்லையாம். நான் விடவில்லை. தொலைந்த புத்தகம் கடன்காரன் கையில் அடகாக இருக்கிறதா என்ற சந்தேகம் வங்கிக்கு வராமல் இருக்காது. விடயத் தலைப்பும் அலங்காரத்துக்கு இல்லை. அந்தக் கிளையின் முகாமையாளர் தமிழ் வாசிக்கமாட்டார். அந்தப் பிள்ளைதான் வாசித்து ஒரு வசனத்தில் அவருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். தலைப்பு இருந்தால் அவளுடைய பாதி வேலை முடிந்தது.

வதிவிடச் சான்றிதழுக்காக அவன் ஒருநாள் அலைய வேண்டியதாயிற்று. மின்சாரப் பில் மருமகனின் பெயரில் வருகிறது, அதனால் கிராம சேவகரிடம் போகத்தான் வேண்டும். அம்மம்மாவுக்குக் கை நடுங்குகிறது. கையொப்பம் மாதிரியோடு ஒத்துவராவிட்டால் எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் பயனில்லை, அவர் நேரில் போக வேண்டிவரும். அதனால் ஓட்டோவில் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போ என்றேன், கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பிள்ளை கடிதத்தை எடுத்துக்கொண்டு, வங்கியின் படிவம் ஒன்றையும் நிரப்பச் சொல்லி, தன் கண்முன்னே கையொப்பம் வாங்கியிருக்கிறாள். புத்தகத்துக்கு அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறாள்.

எனக்குள்ள ஒரு சங்கடத்தை நீதான் தீர்க்க வேண்டும், தமிழ் படிப்பித்தவன் நீ. முகாமையாளர் பெண் என்று தெரிந்தால் "அம்மணி" என்று மட்டும் எழுதச் சொல்வாயா? கந்தோரில் காலமெல்லாம் நான் எழுதிய சொல்தான். ஆனால் அந்தப் பெடியன் அதை வாசித்துவிட்டு, யாரையோ பகிடி பண்ணுவதுபோல இருக்கிறது என்கிறான். உன் தீர்ப்பை அடுத்த கடிதத்தில் எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தைக் கூட்டாளி