வார இறுதி டியூஷன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மாடிப்படி ஏறுவதாக எழுதியிருந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

மகள் சனி, ஞாயிறில் மட்டும் ஏதாவது செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்க நினைக்கிறாள், படிப்பு கெட்டுவிடுமோ என்று கேட்டிருந்தாய். என் மகன் இரண்டு வருடமாக வார இறுதியில் கணக்கு டியூஷன் எடுக்கிறான். அவன் முதலில் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் மூன்று பிள்ளைகள், மூன்று வீடு, மூன்று வெவ்வேறு வகுப்பு. ஆளுக்கு இரண்டு நாளும் ஒவ்வொரு மணி நேரம். சொல்லிக்கொடுப்பது 6 மணி நேரம்தான். ஆனால் போக வர 4 மணி, தயார் செய்ய 3 மணி. 13 மணி நேரம் உழைத்து 6 மணி நேரத்துக்குக் காசு வாங்கினான். அந்தப் பருவத்தில் அவன் மதிப்பெண்ணும் இறங்கியது.

அப்புறம் ஒரே வகுப்புப் பிள்ளைகள் நால்வரை நம் வீட்டிலேயே சேர்த்து உட்கார வைத்தான். நாளுக்கு ஒன்றரை மணி நேரம். மணிக் கணக்கில் பார்த்தால், தனியாக வாங்கியதில் ஆளுக்கு 60 சதவீதம்தான் கட்டணம். நால்வர் என்பதால் வரும்படி முன்பைவிடச் சற்றே கூடியது. ஒரே பாடம் என்பதால் தயாரிப்பும் சேர்த்து வாரத்துக்கு நாலரை மணி நேரத்தில் முடிந்தது. ஐந்தாவது பிள்ளையை அவன் சேர்க்கவில்லை. நான்கு நோட்டுக்கு மேல் போனால் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க முடியாது என்கிறான்.

அந்தப் பார்வைதான் பெற்றோரைத் தக்க வைக்கிறது. ஒரு சிறுமி 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தாள். இவன் தப்பு என்று அடிக்கவில்லை. "அரையைவிட இது பெரிசா, சின்னதா?" என்று மட்டும் கேட்டான். அவள் காகிதத்தை மடித்துப் பார்த்து, கூட்டியும் குறைந்துவிட்டதே என்று தானே பென்சிலை எடுத்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருமானம் நிலையாக வர, வகுப்புக் கணக்கில் வாங்காமல் மாதத் தொடக்கத்திலேயே மாதக் கட்டணமாக வாங்கச் சொல். இவன் முதலில் வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கியபோது, காய்ச்சல், விசேஷம் என்று பிள்ளைகள் வராத வாரங்களில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. உன் மகள் தன் கல்லூரித் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் வகுப்பு இல்லை என்பதையும், அதை எந்த வாரங்களில் ஈடு செய்வாள் என்பதையும் சேரும்போதே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் சொன்னால் மனக்கசப்புதான்.

படிப்பு பாதிக்கப்படுகிறதா என்று கண்டுபிடிக்க ஞாயிறு இரவைப் பார். தொடர்ந்து இரண்டு ஞாயிறு அவளுடைய அசைன்மென்ட் எழுதாமல் கிடந்தால், சனிக்கிழமை வகுப்பை அந்த மாதத்தோடு நிறுத்தி, கட்டணத்தையும் பாதியாக்கிவிடட்டும். தூக்கத்தைக் குறைத்துச் சமாளிக்க விடாதே.

அவளுக்கு எந்தப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும் என்று கேட்டு எழுது. கணக்கு என்றால் மகனின் பயிற்சித் தாள்களை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்