ஷீபா சேச்சிக்கும் மத்த எல்லாருக்கும்

அப்பாவோட பதினாறாம் நாள் அடியந்திரம் நேத்தோட முடிஞ்சுது. என்ன நடந்துதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அத திரும்ப எழுத எனக்கு தெம்பில்ல. ராத்திரி ரத்தம் குடுக்க ஓடி வந்த பயலுவ, பாறசாலை பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ், கஞ்சி கொண்டு தந்த அயல்வீட்டு மாமி, எல்லாருக்கும் நன்றி.

ஆனா சேச்சி அனுப்புன அந்த ஒரு மெசேஜ பத்தி கொஞ்சம் சொல்லணும். இனி சிகிச்சை இல்லன்னு டாக்டர் சொன்ன ஞாயித்துக்கிழமை ராத்திரி, கழக்கூட்டத்துல எனக்கு மேனேஜரா இருக்கிற சேச்சி மலையாளத்துல நீளமா டைப் பண்ணிருந்தாங்க. எப்ப வருவேன்னு ஒரு வார்த்த கேக்கல. "உனக்கு 19 நாள் சம்பளத்தோட உள்ள இ.எல் லீவு இருக்கு, இப்பவே எல்லாத்தயும் எடுத்து தீத்துராத. இப்ப வீட்டுல இருந்து வேல பாரு, நர்ஸ் வர்ற நாள் மட்டும் அரைநாள் லீவு. கடைசி நாள்ல முழுசா பக்கத்துல இருக்கணும், அதுக்கு பெறவு காரியத்துக்கும் நாள் வேணும், பத்து நாள் அதுக்குன்னு தொடாம வை"ன்னு கணக்கு போட்டு எழுதிருந்தாங்க.

நான் அன்னைக்கு காலைல மொத்த லீவையும் போட ஃபார்ம் திறந்து வச்சிருந்தேன், போட்டிருந்தா மூணு வாரத்துல தீந்துருக்கும், அப்பா அஞ்சு வாரம் இருந்தாரு.

கூட்டாளி ஒருத்தன் சர்ட்டிஃபிகேட் வாங்கி சிக் லீவு போடுலேன்னான். சேச்சி அதயும் முன்கூட்டியே எழுதிருந்தாங்க, நம்ம கம்பெனில சிக் லீவு உன் உடம்புக்கு உள்ளது, பொய் சர்ட்டிஃபிகேட் பெறவு உன்னயே கடிக்கும், உறக்கமில்லாம நீயே விழுந்தா அப்ப போடுன்னு. இ.எல் தீந்தா சம்பளமில்லா லீவு, அந்த நாளுக்கு பி.எஃப்பும் ஏறாது, ஆனா இன்சூரன்ஸ் கட் ஆகாது, எச்.ஆர்ட்ட கேட்டுட்டேன்னும் இருந்துது. பிரசவத்துக்கு சட்டம் இருக்கு, சாகப்போற அப்பன பாக்க நம்மள மாதிரி தனியார் கம்பெனிக்காரனுக்கு ஒண்ணும் இல்ல, கம்பெனி மனசு வச்சா உண்டு, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு தண்ணி முழுங்க முடியாம ஆகி, மூத்திரம் கொறஞ்சு, பாதம் சில்லுன்னு ஆன அன்னைக்கு நர்ஸ் என்ன தனியா கூப்பிட்டு இனி நாள் கணக்குதான்னு சொன்னாங்க. நான் சேச்சிக்கு "தொடங்கியாச்சு"ன்னு மட்டும் அனுப்புனேன். லீவ அவங்களே சிஸ்டத்துல போட்டாங்க, லேப்டாப்ப மூடுன்னாங்க. ஏழு நாள் அப்பா கைய பிடிச்சிட்டு இருந்தேன். மூணாம் நாள் கண்ணு முழிச்சு, "ஆபீஸ் இல்லியாடே?"ன்னு கேட்டாரு. இல்லப்பான்னேன்.

பத்து நாள் காரியத்துக்கு போச்சு, இன்னும் ரெண்டு நாள் மிச்சம் இருக்கு சேச்சி. அத நாப்பத்தியொண்ணாம் நாளுக்கு வச்சிருக்கேன். திங்கக்கிழமை வாறேன்.