ஐந்து கடிகாரமும் ஒரு மொய் நோட்டும்

எட்மன்டன், கனடா

அன்புள்ள அம்மாவுக்கு,

பால் காய்ச்சி மூன்று வாரம் ஆகியும் அண்ணனிடமிருந்து ஒரு வரி வரவில்லையே என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள். திட்டு நியாயம்தான். மொய் நோட்டையும் நகலெடுத்து அனுப்பியிருந்தாள். ராத்திரி இரண்டு தடவை வாசித்தேன்.

வந்தவர்களிடம் நான் கும்பிடு சொன்னதாகச் சொல்லிவிடு. முதலில் மேலூர் மாமாவுக்கு. பிறந்த வீட்டுச் சீரை மேளத்தோடு தெரு முழுக்கச் சுற்றித்தான் கொண்டு வந்தாராமே! முட்டி வலியோடு வந்து நிலைவாசலைத் தடவிப் பார்த்த அப்பத்தாவுக்கும் சொல். சுவர்க் கடிகாரம் மட்டும் ஐந்து வந்ததாம். கொடுத்தவர்கள் மனம் கோணாமல் ஐந்தையும் மாட்டுங்கள். ஒன்றில் மட்டும் இந்த ஊர் நேரத்தை வையுங்கள்.

அங்கே காலை ஐந்து மணி முகூர்த்தம் என்றால் இங்கே முதல் நாள் சாயங்காலம் நாலரை. அன்று எனக்கு வேலை இல்லை. இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள், இந்தக் குளிருக்கு அதுவும் நல்லதுதான். நானும் கிழக்கே பார்த்து அடுப்பில் பாலை வைத்தேன். பொங்கி வழிந்தது, தீய்ந்தது, உடனே புகைமணி அலறிவிட்டது. மேலே குடியிருக்கும் உக்ரைன் பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். ஊரில் புது வீடு என்று கைச்சாடையில் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மேலே போனவர், ஒரு முழு ரொட்டியும் சின்னக் கிண்ணத்தில் உப்புமாகத் திரும்பி வந்தார். அவர்கள் ஊரில் புது வீட்டுக்கு அதுதான் வரிசையாம். நாமும் உப்பையும் மஞ்சளையும்தானே முதலில் உள்ளே கொண்டு போகிறோம்! அந்த ரொட்டியைத் தின்னும்போது தொண்டை அடைத்துவிட்டது அம்மா. அந்த வாசப்படியை நான் இன்னும் மிதிக்கவில்லை.

சரி, நோட்டு விஷயம். மாமா 10,001 எழுதியிருக்கிறார். அவர் மகள் காதுகுத்துக்கு நாம் 5,000 செய்தது பழைய நோட்டில் இருக்கும், பார். அந்த 5,000 நமக்குத் திரும்பி வந்தது. மீதி 5,001 புது மொய். அடுத்து அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் போட்டுச் செய்ய வேண்டும். அப்பாவுக்கு இது தெரியும், ஆனாலும் இப்போதே பென்சிலில் பக்கத்தில் குறித்து வைக்கச் சொல்.

இன்னொன்று. எழுதியவர் அவசரத்தில் ஓர் இடத்தில் ஊர்ப் பேர் போடவில்லை, வெறும் 'முத்து 1,001' என்று இருக்கிறது. நமக்கு மூன்று முத்து. முன்னும் பின்னும் அழகர்கோவில்காரர்கள் பேர்தான் இருக்கிறது. ஒரே வண்டியில் வந்தவர்கள் அடுத்தடுத்துத்தான் எழுதியிருப்பார்கள், அதனால் அந்த முத்துவாகத்தான் இருக்கும். நேரடியாகக் கேட்காதே, சங்கடப்படுவார். சித்தியை விட்டு விசாரி. வைகாசியில் அவர் வீட்டில் கல்யாணம் வருகிறதாம், அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
பெரியவன்