வானமும் கூடவே அழ வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான சிறுகதைப் பயிற்சிக் கட்டுரை, பாத்திரத்தின் மனநிலையை வானிலையால் உணர்த்தலாம் என்று கூறி, துயரத்துக்கு மழையையும் கோபத்துக்கு இடியையும் எடுத்துக்காட்டாகத் தந்திருந்தது. உணர்த்தலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இப்படிச் சோடி சேர்த்தால், கதாநாயகி அழும்போதெல்லாம் வானமும் கூடவே அழத் தொடங்கிவிடும்.

குறுந்தொகையின் 66ஆம் பாடலைப் பாருங்கள். கார்காலத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சென்ற தலைவன் இன்னும் வரவில்லை. மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது. தோழி தலைவியிடம், "இந்தக் கொன்றை மரங்கள் அறிவற்றவை, பருவமல்லாத காலத்தில் பெய்த வம்ப மாரியைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டன" என்கிறாள். பாட்டு அவ்வளவுதான். தலைவி வருந்தினாள் என்றோ அழுதாள் என்றோ ஐந்து அடிகளில் ஒரு சொல்கூட இல்லை. பூத்த மரத்தைத் தோழி இவ்வளவு அவசரமாகப் பழிப்பதிலிருந்தே, அதைக் கண்டவளின் முகம் எப்படி மாறியிருக்கும் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

இங்கே மழை துயரத்தின் குறியீடன்று. அது தலைவன் தந்த தவணை. முல்லைக்குக் காரும் மாலையும் உரியவை என்று தொல்காப்பியம் வகுத்ததை வெறும் பட்டியலாகப் படித்தால் இது பிடிபடாது. ஆவணியில் மேகம் திரள்வது வீட்டில் காத்திருப்பவளுக்கு வானிலைச் செய்தி மட்டுமன்று, கெடு நெருங்கிவிட்டது என்பதற்கான அறிவிப்பு. மழையை எடுத்துவிட்டால் தோழிக்குப் பேசவே காரணமில்லை. நம் கதைகள் பலவற்றில் மழையை நீக்கிப் பார்த்தால் ஒருவர் குடை மடக்குவதுகூட நின்றுபோவதில்லை. அங்கே அது ஒப்பனை என்று துணிந்து சொல்லிவிடலாம்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர், கணவனை இழந்து பத்து நாளான பெண்ணைப் பற்றிய கதையை, "வானமே கண்ணீர் வடித்தது" என்று தொடங்கியிருந்தார். அந்த மழையால் அவளுக்கு என்ன வேலை வந்தது என்று கேட்டோம். திருத்திய படியில், தூறல் விழுந்ததும் அவள் மொட்டை மாடிக்கு ஓடிக் கொடியிலிருந்த துணிகளை அள்ளி வருகிறாள். அவற்றுள் அவருடைய வேட்டி ஒன்று பாதி நனைந்திருக்கிறது. அதை உதறி, தாழ்வாரத்தில் கயிறு கட்டி, ஓரம் இழுத்துச் சீராக உலர்த்துகிறாள். வேட்டி இனி யாருக்கு என்று கதையில் எவரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்ததாக, "அவள் மனமும் ஈரமாகவே இருந்தது" என்று ஒரு வரி இருந்தது. அதை நாங்கள் அடித்துவிட்டோம். எழுதியவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்.