மாற்றாத தெர்மோஸ்டாட்டுக்கு 650 ரூபாய்: புகார்

அனுப்புநர்:
தங்கள் ரைஸ் குக்கர் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அரிசி வேகும் முன்பே வார்முக்கு மாறும் 1.8 லிட்டர் குக்கர். செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது குறித்து.

ஐயா / அம்மா,

தங்கள் குக்கரைக் கிருஷ்ணகிரியில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. என் கணவர் காலை ஆறரை மணிக்கு ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் ஐந்து மணிக்கே இரண்டு கப் பொன்னி அரிசிக்கு ஐந்து கப் தண்ணீர் வைத்துப் பொத்தானை அழுத்திவிடுவேன். முன்பெல்லாம் முப்பத்தைந்து நிமிடத்தில் சோறு தயாராகிவிடும். போன மாதத்திலிருந்து பதினைந்தாவது நிமிடமே 'டக்' என்று வார்முக்கு மாறிவிடுகிறது. திறந்தால் அரிசிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளையாகக் கடுக்கென்று இருக்கிறது. மறுபடி அழுத்தினாலும் நிற்பதில்லை. பல் இல்லாத என் மாமனாருக்கு அந்தச் சோற்றைப் போட மனசு வராமல், தினமும் அடுப்பில் மாற்றி வேகவைத்தேன்.

உங்கள் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். முதலில் வோல்டேஜ் குறைவு என்றார்கள். வோல்டேஜ் குறைந்தால் வேக நேரம் கூடும், சீக்கிரம் அணையாது என்றேன். அப்புறம் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று சொல்லி, மாற்றியதாக 650 ரூபாய்க்கு பில் போட்டார்கள். பழைய பாகத்தைத் தரவில்லை. மறுநாள் காலையும் அதே கதைதான்.

எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனிடம் காட்டினேன். அவர் உள்பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டு, ஹீட்டர் தட்டின் நடுவில் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடும் சின்ன வட்டத்தைக் காட்டினார். அதன் மேல் கஞ்சி பொங்கி வழிந்து காய்ந்து, பழுப்பாக ஒரு படலம் கருகிப் பிடித்திருந்தது. ஓரத்தில் இரண்டு அரிசி கரியாக ஒட்டியிருந்தன.

அந்த வட்டம்தான் பாத்திரத்தின் சூட்டை அறிகிறதாம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் கிட்டத்தட்ட 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் உள்ளே இருக்கும் காந்தம் பிடியை விட்டு, பொத்தான் மேலே வந்துவிடும். நடுவில் கரி இருந்தால் வட்டம் பாத்திரத்தைத் தொடாது. ஓரத்தில் கருகி ஒட்டிய அரிசி பாத்திரத்தைத் தூக்கிப் பிடிப்பதால் ஹீட்டர் தட்டின் சூடும் பாத்திரத்துக்குப் போகாமல் தட்டிலேயே தங்கும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, சோறு வெந்துவிட்டது என்று காந்தம் விட்டுவிடுகிறது.

சந்தேகம் தீர அவர் எதிரிலேயே சோதித்தோம். வெறும் இரண்டு கப் தண்ணீர் ஊற்றி அழுத்தினோம். ஏழாவது நிமிடம், தண்ணீர் சரியாகக் கொதிக்கும் முன்பே வார்ம் விளக்கு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஈரத்துணியால் கரியை ஊறவைத்து நைலான் நாரால் தேய்த்தோம். போகாத இடத்தில் மட்டும் 320 நம்பர் உப்புத்தாளை மெதுவாகத் தேய்த்து, பாத்திரத்தின் அடியையும் துடைத்து உலர்த்தினோம். தட்டின் மேல் தண்ணீர் ஊற்றவே இல்லை. பாத்திரத்தை வைத்து இடமும் வலமும் திருப்பி அமர்த்தினோம். இப்போது அதே இரண்டு கப் தண்ணீர் இருபது நிமிடம் கொதித்தும் பொத்தான் அசையவில்லை. மறுநாள் காலை சோறு பழையபடி வெந்தது.

என் பங்கும் இருக்கிறது. அரிசியை உள்பாத்திரத்திலேயே கழுவி, அடியைத் துடைக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் புத்தகத்தில் 'சுத்தமாக வைக்கவும்' என்று ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கிறதே தவிர, அந்த வட்டத்தைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை.

என் கேள்வி இதுதான்: அந்த அண்ணன் கடையில் இருந்த புதிய தெர்மோஸ்டாட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுவட்டமும் அதோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் ஆட்கள் உண்மையில் மாற்றியிருந்தால் வட்டம் பளபளப்பாக இருந்திருக்க வேண்டும். ஒரு வருடக் கஞ்சி ஒரே இரவில் எப்படிக் கருகிப் பிடிக்கும்? தேய்ப்பதற்கு முன் எடுத்த படத்தையும் பில்லின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

ஆகவே 650 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கு பில் போடும் முன், வாடிக்கையாளர் எதிரில் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யச் சொல்ல வேண்டும். வட்டத்தையும் பாத்திர அடியையும் துடைக்கச் சொல்லித் தமிழில் ஒரு ஸ்டிக்கர் குக்கரிலேயே ஒட்டுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இதே படங்களோடு மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், படங்கள் 3