டேப் கறுத்துவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார நலவாழ்வுப் பகுதியில் ஒரு வாசகர் சி.ஜே.டி. எனப்படும் மூளை நோய் பற்றிக் கேட்டிருந்தார். "ஆட்டோகிளேவில் வைத்த கருவியில் எந்தக் கிருமியும் மிஞ்சாது, பயம் வேண்டாம்" என்று பதில் வந்திருந்தது. ஆட்டோகிளேவ் என்பது அழுத்தமான நீராவியில் கருவிகளை அவிக்கும் இயந்திரம். கிருமியைப் பற்றிய பேச்சாக இருந்தால் சரி. ஆனால் இந்த நோயைக் கடத்துவது கிருமி இல்லை. வடசென்னை மருத்துவமனை ஒன்றில் 26 ஆண்டுகள் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, கட்டி, அவித்து அனுப்பியவன் நான். அதனால்தான் அந்த வரி உறுத்தியது.

கருவிகளை அடைத்த டிரம்மை ஆட்டோகிளேவிலிருந்து வெளியே எடுத்ததும், முதலில் அதன்மேல் ஒட்டிய டேப்பைப் பார்ப்போம். கோடு கறுத்திருந்தால் சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உண்மையான பரீட்சை அப்புறம்தான். ஸ்போர் என்பது சூட்டைத் தாங்கும் கிருமி விதை. அதைத் தடவி உள்ளே வைத்த பட்டையை, கிருமி வளரும் ஊதா நிற ஊடகத்தில் போட்டு வைப்போம். ஊடகம் மஞ்சளானால் ஸ்போர் பிழைத்துவிட்டது, மொத்த லோடும் திரும்ப வேண்டும். டேப் சூட்டைச் சொல்லும், பட்டை உயிருள்ளது செத்ததா என்று சொல்லும். உயிரே இல்லாத ஒன்றைப் பற்றி இரண்டும் எதுவும் சொல்லாது.

சி.ஜே.டி.யைக் கடத்தும் பிரியான் அப்படிப்பட்டது. அது ஒரு புரதம், அவ்வளவே. வைரஸில் இருப்பதுபோல் மரபணு அதற்குள் கிடையாது. நம் மூளை செல்களில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தவறாக மடிந்துபோனால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடித்துவிடும். அது அடுத்ததை, அடுத்தது அதற்கடுத்ததை. பெருகுவதற்கு அதற்கு வேறு எதுவும் தேவையில்லை. மரபணுவைச் சிதைத்துக் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்குக்கு இங்கே வேலையே இல்லை.

1970களில் சூரிச்சில் நடந்ததைப் பாருங்கள். ஒரு மூதாட்டியின் மூளைக்குள் வெள்ளி மின்முனைகளை வைத்துப் பதிவு எடுத்தார்கள். அவருக்கு சி.ஜே.டி. அதே மின்முனைகளை பென்சீனில் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் சுத்தம் செய்து, வலிப்பு நோய்க்கு வந்த இரண்டு இளம் நோயாளிகளுக்கு வைத்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் இருவருக்கும் அதே நோய் வந்தது. 1977இல் இது அறிக்கையாக வெளியானது. அந்த மின்முனைகளை மேலும் பலமுறை சுத்தம் செய்து, இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து ஒரு சிம்பன்சியின் மூளையில் வைத்தபோது, 18 மாதத்தில் அதற்கும் நோய் வந்தது.

படித்தபோது எங்கள் பழைய ஃபார்மலின் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்தான் ஃபார்மலின். ஆல்கஹாலும் ஃபார்மலினும் புரதத்தை அழிப்பதில்லை, அப்படியே கெட்டிப்படுத்தி இரும்போடு ஒட்ட வைக்கின்றன. முட்டை பொரித்த கரண்டியை உடனே தண்ணீரில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். காயவிட்டால் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். ஆபரேஷன் முடிந்ததும் கருவியை ஈரம் காயாமல் வைக்கச் சொல்வதும் இதனால்தான். ஆபரேஷன் தியேட்டர்காரர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். இதற்காக நான் போட்ட சண்டைகள் தனிக் கதை.

வழி இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதலில், லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, எடுத்து அலசி, அதன்பிறகு 121 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டோகிளேவ் செய்யும் முறை இருக்கிறது. காஸ்டிக் புரதத்தையே உடைக்கும். அலுமினியத்தையும் அரித்துவிடும் என்பது வேறு தொல்லை. அதே வழிகாட்டுதல், எரித்துவிடக்கூடிய கருவியை எரித்துவிடுவதே நல்லது என்கிறது.

பீதி வேண்டாம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய் இது. தொட்டாலோ, கூட இருந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. மூளை, தண்டுவடம், கண்ணின் பின்பகுதி ஆகியவற்றைத் தொட்ட கருவிதான் கவலைக்குரியது. சிக்கல் என்னவென்றால், வேகமாக நினைவு தவறும் நோயாளிக்கு மூளையில் பயாப்ஸி எடுக்கும் அன்று அது சி.ஜே.டி. என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனை முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அந்தக் கருவி செட் வழக்கம்போல் கழுவப்பட்டு, அவிக்கப்பட்டு, அடுத்த ஆபரேஷனுக்குப் போயிருக்கும். எந்த செட் யாருக்குப் போனது என்று நோட்டில் எழுதவில்லை என்றால் தேடவும் முடியாது.

அதனால் அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்: காரணம் தெரியாத மறதி நோயாளியிடம் பயாப்ஸி எடுத்த செட்டை, முடிவு வரும்வரை தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் டெக்னீஷியன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21